17 பக்க வொர்க் ஃப்ரம் ஹோம் பாலிசியை ஒரே பக்கமாக்க வேண்டும், என் வரைவில் எங்கே தப்பு?

நொய்யல்
வணக்கம். கோவையில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் ஒரு நிறுவனத்தில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 180 பேர். போன மாதம் ஒரு சட்ட ஆலோசகரிடம் சொல்லி வொர்க் ஃப்ரம் ஹோம் பாலிசி எழுதி வாங்கினார்கள். 17 பக்கம், முழுக்க ஆங்கிலம். எல்லோரும் "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று டிக் போட்டார்கள். மறுநாளே ஒருத்தர் ஆபீஸ் மானிட்டரை ஸ்கூட்டியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார். எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது எம்.டி. என்னைக் கூப்பிட்டு, நான்கு தலைப்பில் ஒரே பக்கம், தமிழில் வேண்டும் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து இப்படி எழுதியிருக்கிறேன்:

தகுதி: 6 மாதம் முடித்தவர்கள் வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம்.

கருவிகள்: தேவையான கருவிகளை நிறுவனம் தரும். தொலைந்தாலோ சேதமானாலோ ஊழியரே பொறுப்பு.

பாதுகாப்பு: லேப்டாப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது. டிஸ்க் என்கிரிப்ஷன் ஆனில் இருக்க வேண்டும். ஏதாவது பிரச்சினை என்றால் உடனே ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

ரிப்போர்ட்டிங்: தினமும் முறையாக ரிப்போர்ட் செய்ய வேண்டும். கரண்ட், நெட் போனால் முறையாகத் தெரிவிக்க வேண்டும்.

படிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ உறுத்துகிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பார்த்துச் சொல்லுங்கள்.

சும்மா வந்தேன்
நல்லாத்தானே இருக்கு? இதுக்கு மேல எழுதினா ஒருத்தனும் படிக்க மாட்டான். அப்படியே மெயில்ல தட்டி விடுங்க.

பழைய ஆடிட்டர்
தட்டி விடாதீர்கள் அம்மா. முதலில் அந்தத் தகுதி வரிக்குப் பாலிசியில் இருக்கும் மூல வாசகத்தை இங்கே போடுங்கள். சுருக்கத்தை மட்டும் பார்த்து, சரி தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

நொய்யல்
தமிழில் சொன்னால் இப்படி வரும் சார்: "தகுதிகாண் காலம் முடிந்து பணி உறுதி செய்யப்பட்டவர்கள், பணியின் தன்மை இடம் கொடுத்தால், வாரத்துக்கு 2 நாள் வரை வீட்டிலிருந்து வேலை செய்ய விண்ணப்பிக்கலாம். துறைத் தலைவர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். 7 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்புதலை நிறுவனம் திரும்பப் பெறலாம்." தகுதிகாண் காலம் 6 மாதம் என்று வேறொரு பக்கத்தில் இருக்கிறது, அதை எடுத்துப் போட்டேன்.

பழைய ஆடிட்டர்
உங்களை உறுத்தியது இதுதான். மூலத்தில் இருப்பது "விண்ணப்பிக்கலாம்". உங்கள் வரியில் இருப்பது "வேலை செய்யலாம்". தமிழில் இந்த -லாம் பொல்லாதது. அனுமதியும் அதுதான், வாய்ப்பும் அதுதான், "போகலாமே" என்று யோசனை சொல்வதும் அதுதான். எதற்கு அனுமதி என்பது அதற்கு முன்னால் நிற்கும் வினைச்சொல்லில் இருக்கிறது. நீங்கள் அந்த வினையை மாற்றிவிட்டீர்கள். ஒரு கோரிக்கை ஒரு உரிமையாகிவிட்டது. நாளைக்குப் பட்டறைத் தளத்தில் அளவெடுக்கும் பையன் உங்கள் பக்கத்தை நீட்டி, "எனக்கு 6 மாதம் முடிந்துவிட்டது, வியாழன் வெள்ளி வர மாட்டேன்" என்றால் என்ன சொல்வீர்கள்? அவன் மேல் தப்பில்லை.

இன்னொன்று. 6 மாதம் ஆவதும் பணி உறுதியாவதும் ஒன்றல்ல. தகுதிகாண் காலத்தை 3 மாதம் நீட்டித்தவர்கள் உங்களிடமே இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு 6 மாதம் முடிந்திருக்கும், கடிதம் வந்திருக்காது. "கன்ஃபர்மேஷன் லெட்டர் வாங்கியவர்கள்" என்று எழுதுங்கள். கையில் ஒரு காகிதம் இருக்கிறதா இல்லையா என்பதில் யாருக்கும் குழப்பம் வராது.

நொய்யல்
அடடா. நீட்டித்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே என்னிடம் கேட்டுவிட்டார்.

இப்படி மாற்றினால் சரியா? "கன்ஃபர்மேஷன் லெட்டர் வாங்கியவர்கள் வாரத்துக்கு அதிகபட்சம் 2 நாள் கேட்டு விண்ணப்பிக்கலாம். துறைத் தலைவர் மெயிலில் சரி என்று சொன்ன பிறகுதான் வீட்டிலிருந்து வேலை. எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. தந்த ஒப்புதலை 7 நாள் முன்பே சொல்லி நிறுத்தவும் முடியும்."

பழைய ஆடிட்டர்
நான்கு வரியாகிவிட்டது, பரவாயில்லை. முதலில் ஒரு வரியாக இருந்தபோது பொய்யாக இருந்தது.

காவேரிக்கரை
நடுவில் என் கதை, மன்னிக்கவும். பிரசவ விடுப்பு 26 வாரம் முடிந்து அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். வீட்டிலிருந்து வேலை செய்வது சட்டப்படி எனக்கு உரிமை என்று தோழி சொன்னாள். எங்கள் ஆபீஸ் சுருக்கத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள்தான் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். யாருக்காவது தெரியுமா?

பழைய ஆடிட்டர்
மகப்பேறு நலச் சட்டம் 1961இல், 2017 திருத்தம் மூலம் அப்படி ஒரு பிரிவு சேர்த்தார்கள் தங்கச்சி, இப்போது அது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் உங்கள் தோழி சொன்ன அளவுக்கு இல்லை. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகும் வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் அனுமதிக்கலாம், எவ்வளவு காலம், என்ன நிபந்தனை என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம் என்கிறது. மறுபடியும் அதே -லாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது, அவ்வளவுதான். எழுத்தில் கேளுங்கள். "வாரம் ஒரு நாள்" என்ற பொது வரம்பு இதற்கும் பொருந்துமா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

நொய்யல் அம்மா, உங்கள் பாலிசியில் இந்த மாதிரி விதிவிலக்கு ஏதாவது இருக்கிறதா? சுருக்கும்போது முதலில் காணாமல் போவது விதிவிலக்குதான்.

நொய்யல்
இருக்கிறது சார், 15ஆம் பக்கத்தில். மகப்பேறு, அறுவை சிகிச்சைக்குப் பின், மாற்றுத்திறனாளிகள் ஆகிய மூன்று நிலைகளுக்கு 2 நாள் வரம்பு பொருந்தாது, எச்.ஆரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று. நான் விட்டுவிட்டேன். "சிலருக்குத்தானே" என்று நினைத்தேன். ஒரு வரி சேர்க்கிறேன்.

காவேரிக்கரை
நன்றி அண்ணா. அந்தச் "சிலரில்" நானும் ஒருத்தி, அக்கா. :)

ராக்போர்ட்
ரிப்போர்ட்டிங் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸில் எனக்கு இரண்டு ரிப்போர்ட்டிங் மேனேஜர். ஒருத்தர் திருச்சி, ஒருத்தர் புனே. இரண்டு பேரில் யாருக்குக் கீழ் என்று பாலிசியில் தெளிவாக எழுத வேண்டும். உங்கள் சுருக்கத்தில் அதுவும் இல்லை. அப்ரைசல் நேரத்தில் பெரிய சண்டை வரும்.

நொய்யல்
இல்லை ராக்போர்ட், நான் கேட்டது அந்த ரிப்போர்ட்டிங் இல்லை. தினமும் என்ன வேலை முடித்தோம் என்று அனுப்புவது.

கருவாட்டுக்குழம்பு
அப்படியா? நான் லேப்டாப் தொலைந்தால் ரிப்போர்ட் செய்வது என்று நினைத்தேன். பாதுகாப்பு வரியிலும் "ரிப்போர்ட் செய்ய வேண்டும்" என்றுதானே இருக்கிறது?

பழைய ஆடிட்டர்
பாருங்கள், மூன்று பேர் படித்தார்கள், மூன்று ரிப்போர்ட்டிங். ராக்போர்ட் தப்பாகப் படித்தார் என்று நினைக்காதீர்கள், உங்கள் ஊழியர்களும் அப்படித்தான் படிப்பார்கள். அந்தச் சொல்லையே பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வேலை விவரம் அனுப்புவது ஒன்று, ஆபத்தைச் சொல்வது இன்னொன்று. முதலாவது மேலாளருக்கு, மாலைக்குள், சாவகாசமாக. இரண்டாவது ஐ.டி.க்கு, போனில், அந்த நிமிஷமே. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ஒரு நாள் யாராவது தொலைந்த லேப்டாப்பை மாலை 6 மணி மெயிலில் நான்காவது பாயிண்டாகப் போடுவார்கள். நான் ஆடிட் போன ஓர் இடத்தில் அப்படி ஒரு மெயிலைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பாயிண்ட், பிரிண்டருக்கு டோனர் வேண்டும் என்பது.

ராக்போர்ட்
சரி, அப்படியென்றால் என் உண்மையான வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் கட். முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். முந்தின நாள் இரவே டீம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு பேர் தம்ப்ஸ்-அப் வேறு கொடுத்தார்கள். மாதக் கடைசியில் அரை நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். கேட்டால், "முறையாகத் தெரிவிக்கவில்லை" என்கிறார்கள். எங்கள் சுருக்கத்திலும் நொய்யல் எழுதிய அதே வார்த்தை. முறை என்றால் எது என்று 12 பக்கப் பாலிசியின் கடைசியில் இருந்தது: அட்டெண்டன்ஸ் போர்ட்டலில் கோரிக்கை போட வேண்டுமாம்.

நொய்யல்
ஐயோ, எங்கள் பாலிசியிலும் இருக்கிறது. 30 நிமிஷத்துக்கு மேல் கரண்டோ நெட்டோ இல்லாவிட்டால் மேலாளருக்குப் போன். 3 மணி நேரத்துக்கு மேல் என்றால் ஆபீஸுக்கு வர வேண்டும், அல்லது விடுப்பு. முன்பே தெரிந்த மின்தடை நாளை வீட்டு நாளாக எடுக்கவே கூடாது. இவ்வளவையும் "முறையாக" என்ற ஒரு வார்த்தைக்குள் அடைத்துவிட்டேன்.

பழைய ஆடிட்டர்
முறையாக, உடனே, தேவையான, பத்திரமாக, உரிய. இந்த ஐந்தையும் உங்கள் பக்கத்தில் தேடிப் பார்த்து, வரும் இடத்தையெல்லாம் சுழித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பாலிசியில் ஒரு எண்ணோ, ஆளோ, வழியோ ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுங்கள். எங்காவது பின்னாலும் ஒன்றும் இல்லையென்றால் நீங்களாக ஒன்றைப் போடாதீர்கள். பாலிசிக்குச் சொந்தக்காரர் யாரோ அவரிடம் கேளுங்கள். சுருக்கத்தில் மட்டும் இருந்து மூலத்தில் இல்லாத எண், சண்டை வரும்போது உங்கள் தலையில்தான் விழும்.

நொய்யல்
சுழித்தேன் சார். "உடனே" என்பதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மூலத்திலேயே "தேவையற்ற தாமதமின்றி" என்றுதான் இருக்கிறது.

தம்பிதுரை88
அதுக்கு நான் சொல்றேன். சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் சொல்லணும்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு இருக்கு, 2022 ஏப்ரல் 28 தேதியிட்டது. அதனால "6 மணி நேரத்துக்குள்"னு போட்டா சட்டப்படியும் சரியா இருக்கும், ஊழியருக்கும் அவகாசம் கிடைக்கும்.

பழைய ஆடிட்டர்
தேதி சரி, 6 மணி நேரமும் சரி. ஆனால் அது நிறுவனம் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டிய கெடு தம்பி. சம்பவத்தைக் கவனித்ததிலிருந்து அல்லது தன் கவனத்துக்கு வந்ததிலிருந்து 6 மணி நேரம். அந்த நேரத்துக்குள் ஐ.டி. ஆள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும், எந்தக் கணக்கெல்லாம் திறந்திருந்தது என்று லாகைப் புரட்ட வேண்டும், மேலே கேட்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும். ஊழியருக்கே 6 மணி நேரம் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு என்ன மிச்சம்?

அதோடு வெறுமனே லேப்டாப் தொலைந்தது என்பது அந்த உத்தரவின் பட்டியலில் இல்லை. அனுமதியில்லாமல் யாராவது உள்ளே நுழைந்தால், தகவல் கசிந்தால், ஃபிஷிங் நடந்தால், அப்போதுதான் அது பட்டியலுக்குள் வருகிறது. தொலைந்த லேப்டாப் எந்த ரகம் என்று முடிவு செய்வது ஊழியர் வேலை இல்லை. அவர் வேலை போனை எடுப்பது.

தம்பிதுரை88
சரி, ஆனா ஊழியருக்குத் தெரிஞ்ச நிமிஷமே நிறுவனத்துக்குத் தெரிஞ்ச மாதிரிதான்னு யாராவது வாதாடினா? அப்ப 6 மணி நேரம் அவர் பார்த்ததிலிருந்தே ஓட ஆரம்பிக்குமே?

பழைய ஆடிட்டர்
நல்ல கேள்வி. வக்கீல்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் ஊழியர் பார்த்த நேரத்திலிருந்து எண்ணினோம், இன்னொன்றில் ஹெல்ப்டெஸ்க் டிக்கெட் நேரத்திலிருந்து எண்ணினார்கள். எது சரி என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

நொய்யல்
எங்கள் ஐ.டி. பொறுப்பாளரைக் கேட்டேன். "1 மணி நேரம் போடுங்க, நான் பாலிசியிலும் திருத்தம் கொடுக்கிறேன்" என்றார். நாளை எம்.டி.யிடம் போகிறது.

சர்வர் ரூம் செல்வம்
நான் சிஸ்டம் அட்மின். பாதுகாப்பு வரியில் "டிஸ்க் என்கிரிப்ஷன் ஆனில் இருக்க வேண்டும்" என்று ஊழியருக்குச் சொல்லியிருக்கிறீர்களே, அவர் அதை எப்படிப் பார்ப்பார்? விண்டோஸில் நான் பார்ப்பது இது:

```
manage-bde -status C:
```

இதை ஓட்டவே அட்மின் உரிமை வேண்டும். உங்கள் ஊழியர்களுக்கு அட்மின் உரிமை இருக்காது, இருக்கவும் கூடாது. போன வாரம் ஒரு மெஷினில் எனக்கு வந்த பதிலைப் பாருங்கள்:

```
Conversion Status:    Fully Encrypted
Percentage Encrypted: 100.0%
Protection Status:    Protection Off
```

முதல் இரண்டு வரியைப் பார்த்தால் எல்லாம் பூட்டியிருப்பதாகத் தோன்றும். மூன்றாவது வரியில்தான் விஷயம். யாரோ பயாஸ் அப்டேட்டுக்காக விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரை இடைநிறுத்திவிட்டு, திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். அந்த நிலையில் டிஸ்க் முழுக்க மறையாக்கத்தில், அதாவது என்கிரிப்ஷனில்தான் இருக்கும், ஆனால் சாவியும் அதே டிஸ்கில் திறந்தபடி கிடக்கும். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை. அந்த லேப்டாப் பஸ்ஸில் போயிருந்தால் எடுத்தவனுக்கு எல்லாம் திறந்த வீடு. சரிசெய்ய ஒரே வரி:

```
manage-bde -protectors -enable C:
```

இது என் வேலை, உங்கள் வரைபடக்காரர் வேலை இல்லை. அவர் தலையில் ஏற்றினால் அவரும் பார்க்க மாட்டார், "அதான் அவங்க பொறுப்பாச்சே" என்று நானும் பார்க்க மாட்டேன்.

தம்பிதுரை88
விண்டோஸ் பாஸ்வேர்ட் இருக்கே, அது போதாதா?

சர்வர் ரூம் செல்வம்
டிஸ்க் மறையாக்கம் இல்லையென்றால் போதாது தம்பி. டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் பாஸ்வேர்ட் கேட்காது. பைல் எல்லாம் அப்படியே தெரியும்.

நொய்யல்
செல்வம் அண்ணா சொன்னதை வைத்து மூலத்தின் பாதுகாப்புப் பகுதியை மறுபடி படித்தேன். 11 கடமைகள் இருக்கின்றன. எல்லாமே செயப்பாட்டு வினை: "மறையாக்கம் உறுதி செய்யப்பட வேண்டும்", "பேட்ச்கள் நிறுவப்பட வேண்டும்", "அணுகல் மறுஆய்வு செய்யப்பட வேண்டும்". யாரால் என்றே இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் என்று பென்சிலில் எழுதினேன். 6 ஐ.டி.க்கு. மிச்சம் 5தான் ஊழியருக்கு: எழுந்து போகும்போது ஸ்கிரீனைப் பூட்டுவது, வி.பி.என். வழியாக மட்டும் வரைபடங்களைத் திறப்பது, சொந்த மெயிலுக்கோ பென்டிரைவுக்கோ எடுக்காமல் இருப்பது, வீட்டில் வேறு யாருக்கும் மெஷினைத் தராமல் இருப்பது, தொலைந்தால் அல்லது சந்தேக லிங்க்கை அழுத்திவிட்டால் போன் செய்வது.

பழைய ஆடிட்டர்
இதைத்தான் நான் அடுத்துச் சொல்ல வந்தேன், நீங்களே செய்துவிட்டீர்கள். அந்த 6ஐ ஐ.டி.க்குத் தனிப் பக்கமாகக் கொடுங்கள். "பாஸ்வேர்டைச் சொல்லக் கூடாது" மூலத்தில் இல்லையா?

நொய்யல்
இருக்கிறது, ஆனால் வேறொரு பாலிசியில். இதில் அதன் பெயர் மட்டும்தான். பழக்க தோஷத்தில் சேர்த்திருக்கிறேன்.

கருவாட்டுக்குழம்பு
கருவிகள் வரிக்கு யாரும் வரவில்லையே. "தேவையான கருவிகளை நிறுவனம் தரும்". எனக்கு இன்வெர்ட்டர் தேவை. நல்ல நாற்காலி தேவை. முதுகு வலிக்கிறது. ஏ.சி.கூடத் தேவைதான், மே மாதம்.

நொய்யல்
ஹாஹா. மூலத்தில் லேப்டாப், சார்ஜர், ஹெட்செட். டிசைன் பிரிவுக்கு மட்டும் ஒரு மானிட்டர், அதுவும் கையெழுத்துப் போட்டு ஸ்டோரில் வாங்க வேண்டும். பில் காட்டினால் நெட்டுக்கு மாதம் 700 ரூபாய் வரை. நாற்காலி, யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் கிடையாது. இந்த "கிடையாது"வைப் பக்கத்தில் எழுதலாமா? கறாராகத் தெரியுமோ என்று தயக்கம்.

பழைய ஆடிட்டர்
எழுதுங்கள். எழுதாவிட்டால் மாதம் பத்துப் பேர் உங்கள் மேஜைக்கு வந்து கேட்பார்கள், பத்துப் பேருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வீர்கள்.

அதைவிட "தொலைந்தாலோ சேதமானாலோ ஊழியரே பொறுப்பு" என்ற வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூலம் என்ன சொல்கிறது?

நொய்யல்
"ஊழியரின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்புக்கு, விசாரணைக்குப் பின், தேய்மானம் கழித்த மதிப்பை வசூலிக்கலாம்."

பழைய ஆடிட்டர்
மூலத்தில் மூன்று படி இருக்கிறது, உங்கள் வரியில் ஒன்றும் இல்லை. கவனக்குறைவு வேண்டும், விசாரணை வேண்டும், தொகைக்கு வரம்பு வேண்டும். ஆலோசகர் சும்மா போடவில்லை. ஒப்படைத்த பொருள் தொலைந்ததற்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால், அது அவருடைய அலட்சியத்தால் நேரடியாக நடந்திருக்க வேண்டும், காரணம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், இழப்பின் தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது 1936ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்தே இருக்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். 60,000 ரூபாய் லேப்டாப், இரண்டு வருஷம் பழசு. வருஷத்துக்கு 25 சதவீதம் நேர்கோட்டில் கழிப்பதாக வைத்துக்கொண்டால் இன்று மதிப்பு 30,000. உங்கள் வரியைப் படிக்கும் பையன் மனதில் ஓடுவது 60,000, அதுவும் உடனே. பஸ்ஸில் விட்டுவிட்டான் என்றால் என்ன செய்வான்? முதலில் டிப்போவுக்கு ஓடுவான். அங்கே இல்லையென்றால் டிரைவர் நம்பர் தேடுவான். நண்பனிடம் புலம்புவான். இரவு முழுக்கத் தேடிவிட்டு, மறுநாள் காலையில்தான் உங்களுக்குச் சொல்வான். நீங்கள் பாதுகாப்பு வரியில் "1 மணி நேரம்" என்று போட்டது அவன் காதில் ஏறாது, கருவி வரி அவ்வளவு சத்தமாகப் பயமுறுத்துகிறது. ஒரு தலைப்பில் எழுதுவது இன்னொரு தலைப்பைக் கெடுக்கும் இடம் இது.

சர்வர் ரூம் செல்வம்
சத்தியமான வார்த்தை. 1 மணி நேரத்தில் சொன்னால் கணக்கை முடக்கி, திறந்திருக்கும் எல்லா செஷனையும் துண்டித்துவிடுவேன். 14 மணி நேரம் கழித்துச் சொன்னால் அதையே செய்வேன், ஆனால் நடுவில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து தோண்ட வேண்டும்.

நொய்யல்
இப்படி எழுதுகிறேன்: "தொலைந்தால் 1 மணி நேரத்துக்குள் ஐ.டி.க்குப் போன் செய்யுங்கள், தேடுவது அப்புறம். கவனக்குறைவு என்று விசாரணையில் தெரிந்தால் மட்டும், தேய்மானம் போக மீதி மதிப்பை வசூலிக்க இடமுண்டு." சீக்கிரம் சொன்னால் வசூல் இல்லை என்று ஒரு சலுகையும் சேர்க்க ஆசை. ஆனால் அது மூலத்தில் இல்லை.

பழைய ஆடிட்டர்
அப்படியென்றால் சேர்க்காதீர்கள். எம்.டி.யிடம் கேளுங்கள். நான் எம்.டி.யாக இருந்தால் ஒத்துக்கொள்வேன்.

சும்மா வந்தேன்
எனக்கு இன்னும் சந்தேகந்தான். நாலு வரி இப்ப இருபது வரி ஆச்சு. யாரு படிப்பா?

பழைய ஆடிட்டர்
ஒரு பக்கத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பதும் நியாயம். படிப்பார்களா என்பதை நாம் இங்கே பேசித் தெரிந்துகொள்ள முடியாது. நொய்யல் அம்மா, புதிதாகச் சேர்ந்த யாராவது ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். "புரிகிறதா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிகிறது என்பார்கள். ஒரு நிலைமையைச் சொல்லி, என்ன செய்வாய் என்று கேளுங்கள்.

நொய்யல்
மூன்று நாள் கழித்து வருகிறேன். செய்து பார்த்தேன். கணக்குப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதமான ஒரு பையன். பக்கத்தை முந்தின நாள் போர்ட்டலில் ஏற்றி, படித்து வைக்கச் சொன்னேன். மறுநாள் மாலை அவனுக்குப் போன் செய்து, "தம்பி, சும்மா ஒரு பேச்சுக்கு, காந்திபுரத்தில் இறங்கிவிட்டாய், லேப்டாப் பை பஸ்ஸிலேயே போய்விட்டது. இப்போது என்ன செய்வாய்?" என்றேன்.

"ஐ.டி.க்குப் போன் செய்வேன் மேடம், ஒரு மணி நேரத்துக்குள்." டக்கென்று வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "சரி, எந்த நம்பருக்கு?" என்றேன். "அந்தப் பக்கத்தில் இருக்கு மேடம், பார்த்துச் சொல்கிறேன்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மேடம், பக்கம் போர்ட்டலில் இருக்கு. போர்ட்டல் வி.பி.என்.னில் இருக்கு. வி.பி.என். லேப்டாப்பில் இருக்கு. லேப்டாப்தான் பஸ்ஸில் போயிருச்சே!"

சர்வர் ரூம் செல்வம்
யோவ்!! எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். நான் இப்போதே போய் மாற்றுகிறேன்.

நொய்யல்
அடையாள அட்டையின் பின்பக்கத்தில் நம்பரை ஸ்டிக்கராக ஒட்டுகிறோம். இரவு 8 மணிக்கு மேல் அந்த நம்பரை யார் எடுப்பது என்று ஐ.டி.யில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

கருவாட்டுக்குழம்பு
அடையாள அட்டை லேப்டாப் பையில் இருந்தால்?

நொய்யல்
போங்க நீங்க.